முதலில் கார்டைக் கழற்றுங்கள்

பழனியில் முகூர்த்தம், மறுநாள் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் அவுட்டோர். கார்டில் இடம் போதவில்லை என்று பழைய படங்களைக் கழித்த உதவியாளர், இன்னும் லேப்டாப்பில் ஏற்றாத தாலி கட்டும் படங்களையும் சேர்த்து டெலீட் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

கேமரா உடனே படத்தை அழித்துவிடுவதில்லை. 'இந்த இடம் காலி' என்று கார்டின் பட்டியலில் குறிக்கிறது, அவ்வளவுதான். அடுத்த படம் அந்த இடத்தில் பதியும்வரை பழையது அங்கேயே இருக்கும். ஒரு ரா படம் 30 எம்.பி. என்றால், இன்னும் பத்து கிளிக் 300 எம்.பி.யை மூடிவிடும். யார் படம் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் அவசரம் வேண்டியது எழுதுவதை நிறுத்துவதற்கு. மீட்பை நிதானமாகச் செய்யலாம்.

கேமராவை அணைத்து, கார்டைக் கழற்றி, பக்கவாட்டில் உள்ள பூட்டை 'லாக்' பக்கம் தள்ளுங்கள். பூட்டாத கார்டைச் செருகினாலே விண்டோஸ் அதில் சில கோப்புகளை எழுதக்கூடும். 'ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அவுட்டோருக்கு வேறு கார்டைப் போடுங்கள்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பியதும், கார்டை முழுதாக வேறொரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலில் தேடுங்கள். லினக்ஸில் `lsblk` கொடுத்தால் கார்டின் பெயர் தெரியும். அது `sdb` என்றால்:

```
sudo ddrescue -d /dev/sdb /mnt/disk2/card.img /mnt/disk2/card.map
photorec /mnt/disk2/card.img
```

மீட்ட படங்களையும் கார்டில் போடாமல் அந்த ஹார்டு டிஸ்க்கிலேயே சேமியுங்கள். போட்டோரெக் பழைய கோப்புப் பெயர்களைத் தராது. படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே இருப்பதால், அதை வைத்து வரிசைப்படுத்தலாம்.

சிறிய முன்தோற்றத்தைப் பார்த்து மீண்டுவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து பாருங்கள். மேல்பாதி தெளிவாகவும் கீழ்பாதி சாம்பல் பட்டையாகவும் இருந்தால், அந்த இடத்தில் வேறொன்று பதிந்திருக்கலாம். வீடியோ பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதுண்டு. அதனால் மீட்டது ஓடாமலும் போகலாம்.

லேப்டாப்பின் எஸ்.எஸ்.டி.யில் நிலைமை வேறு. டெலீட் ஆனதும் இந்த இடம் தேவையில்லை என்று கணினியே டிரைவுக்கு 'டிரிம்' கட்டளை அனுப்பிவிடும், டிரைவும் அதைத் துடைத்துவிடும். பல நேரம் சில நிமிடங்களே கிடைக்கும், அதுவும் உறுதியில்லை. குப்பைத் தொட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மீட்புக்காரரிடம் கொடுங்கள். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் இறக்கினால், தேடும் படத்தின் மேலேயே அது போய் உட்காரலாம்.