வால்வு ஏன் சூடாக இருந்தது?

தாத்தா பாட்டி வீட்டில் ஒரு சின்ன ரேடியோவைக் காட்டி "அந்த டிரான்சிஸ்டரை எடுத்துட்டு வா" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். டிரான்சிஸ்டர் என்பது ரேடியோவின் பெயரல்ல, அதற்குள் இருக்கும் ஒரு பொருளின் பெயர். அது வருவதற்கு முன்பு அந்த வேலையைச் செய்தது கண்ணாடிக் குழாய். நம் ஊரில் அதை வால்வு என்பார்கள், புத்தகத்தில் வெற்றிடக் குழாய் என்று இருக்கும். பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே நாலைந்து வால்வுகள் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வெளிச்சம்தான் ரேடியோவைச் சட்டைப் பைக்குள் போக விடாமல் தடுத்தது.

என் இளைஞர் வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, சூடு வராத மாதிரி வால்வு செஞ்சிருக்கக் கூடாதா?" நல்ல கேள்வி. பதில், முடியாது. மோட்டார் ஓடும்போது தானாக வரும் சூடு மாதிரி இல்லை இது. வால்வில் சூடு இல்லையென்றால் வேலையே நடக்காது.

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மெல்லிய இழை இருக்கிறது. உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் ஓடலாம், ஆனால் அதன் மேற்பரப்பைத் தாண்டி வெளியே குதிக்க அவற்றுக்குச் சக்தி போதாது. இழையைச் செக்கச் சிவக்கச் சூடாக்கினால், கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஆவி கிளம்புவதைப் போல எலெக்ட்ரான்கள் கிளம்பும். எதிர்ப்புறம் உள்ள தகட்டுக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் அவை அங்கே ஓடும். நடுவில் ஒரு கம்பி வலை. அந்த வலைக்குக் கொடுக்கும் சின்ன மின்னழுத்தம், தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். பைப்பைத் திருகும் விரலுக்கு அதிக பலம் வேண்டாம், தண்ணீர் மட்டும் பீறிட்டு வரும், அதே கதைதான். ஏரியலில் வரும் பலவீனமான சமிக்ஞை இப்படித்தான் ஒலிபெருக்கியை அசைக்கும் அளவுக்கு வளர்கிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 1950களின் தொடக்கத்தில் கையில் தூக்கிப் போகும் வால்வு ரேடியோக்கள் இருந்தன. மதிய உணவுப் பெட்டி அளவு. நான்கு வால்வு, இரண்டு வகை பேட்டரி. முதல் பேட்டரி 1.5 வோல்ட், இழைகளைச் சூடாக்க மட்டும். மூன்று வால்வுகளுக்குத் தலா 50 மில்லிஆம்பியர், கடைசி வால்வுக்கு 100. மொத்தம் 250. வாட்டில் சொன்னால் 0.375. இரண்டாவது பேட்டரி 67.5 வோல்ட், எலெக்ட்ரான்களை வெற்றிடத்தின் குறுக்கே இழுக்க. அதிலிருந்து சுமார் 10 மில்லிஆம்பியர், அதாவது 0.675 வாட். இரண்டையும் சேர்த்தால் ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இதை 1954 அக்டோபரில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ரீஜன்சி டிஆர்-1 ரேடியோவோடு ஒப்பிடுங்கள். விற்பனைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ அதுதான். நான்கு டிரான்சிஸ்டர், ஒரே பேட்டரி, 22.5 வோல்ட், எடுத்துக்கொண்டது சுமார் 4 மில்லிஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 0.09 வாட். வால்வு ரேடியோ தன் இழைகளைச் சூடாக வைத்திருக்க மட்டும் செலவழித்தது இதைப்போல நான்கு மடங்கு! ஒரு பாட்டு வருவதற்கு முன்பே அந்தச் செலவு ஆகிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் பார்த்தால், டிரான்சிஸ்டர் உருவத்தில் சிறியது என்பதால் மட்டும் ரேடியோ சிறியதாகவில்லை என்பது புரியும். மின்சாரம் குறைந்ததால் பேட்டரி சுருங்கியது. மின்னழுத்தம் குறைந்ததால் மின்தேக்கிகளும் சுருங்கின. சூடு இல்லாததால் பாகங்களை நெருக்கி வைக்க முடிந்தது. டிஆர்-1 உயரம் 5 அங்குலம், அகலம் 3 அங்குலம், தடிப்பு ஒன்றேகால் அங்குலம்.

சரி, டிரான்சிஸ்டருக்கு ஏன் சூடு வேண்டாம்? அதில் எலெக்ட்ரான் எங்கேயும் வெளியே குதிக்க வேண்டியதில்லை. திடப்பொருளுக்குள்ளேயே ஓடுகிறது. 1947 டிசம்பர் 16 அன்று, நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் இதை முதன்முதலில் செய்து பார்த்தார்கள். பிராட்டனின் கைவேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முக்கோண வடிவ பிளாஸ்டிக் துண்டின் விளிம்பில் தங்கத் தகடு ஒட்டினார். முனையில் சவர பிளேடால் கீறினார். ஒரு தகடு இரண்டு ஆனது, நடுவில் முடி அளவு இடைவெளி. அதை ஜெர்மானியம் என்ற படிகத்தின் மேல் ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்தார். ஒரு முனையில் கொடுத்த சமிக்ஞை மறுமுனையில் பெரிதாகி வந்தது. இழையும் இல்லை, வெற்றிடமும் இல்லை.

ஆனால் அந்த ஊசிமுனைகள் கொஞ்சம் அசைந்தாலும் போச்சு. கடைக்குப் போகிற பொருளாக மாறியது, அதே ஆய்வுக்கூடத்தின் வில்லியம் ஷாக்லி யோசித்த அடுக்கு அமைப்பு. ஒரே படிகத்தில் மூன்று அடுக்கு. நடு அடுக்கு மிக மெல்லியது. முதல் அடுக்கிலிருந்து 100 எலெக்ட்ரான் கிளம்பினால், 98 நடு அடுக்கைத் தாண்டி மூன்றாவதற்குப் போய்விடும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 2 மட்டும் நடு அடுக்கின் கம்பி வழியாக வெளியேறும. அந்த 2-ஐக் கட்டுப்படுத்தினால் 98-ஐக் கட்டுப்படுத்தியதாகும், கிட்டத்தட்ட 49 மடங்கு பெருக்கம். நடு அடுக்கு தடிமனாக இருந்தால் எலெக்ட்ரான்கள் அதிலேயே சிக்கிக்கொள்ளும், பெருக்கமும் போய்விடும். அந்த மெல்லிய அடுக்கை ஒழுங்காகச் செய்யக் கற்றுக்கொள்ளவே வருடங்கள் ஆயின.

எல்லாம் சுலபமாக முடியவில்லை. டிஆர்-1இன் ஒலி நல்ல வால்வு ரேடியோவுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. விலையும் 49.95 டாலர், அந்தக் காலத்துக்கு அதிகம். ஜெர்மானியத்தின் பெரிய எதிரி வெப்பம். சும்மா இருக்கும்போதே அதில் கொஞ்சம் மின்சாரம் கசியும், வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறினால் கசிவு இரண்டு மடங்காகும். கசிவு சூட்டைக் கூட்டும், சூடு கசிவைக் கூட்டும், கடைசியில் டிரான்சிஸ்டர் தன்னையே எரித்துக்கொள்ளும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த பழைய ஜெர்மானிய ரேடியோ கரகரக்கிறது, நிழலுக்குக் கொண்டுவந்தால் சரியாகிறது என்றால் முதலில் இந்தக் கசிவைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கன் டிரான்சிஸ்டர் 1954-இலேயே விற்பனைக்கு வந்தது, ஆனால் விலை இறங்கி ஜெர்மானியத்தை ஓரங்கட்டப் பல வருடம் பிடித்தது. இன்று உங்கள் கைப்பேசியில் இருப்பது அந்தச் சிலிக்கன் வம்சம்தான்.

வால்வு ஒரேயடியாகப் போய்விடவில்லை. உங்கள் வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் மேக்னட்ரான் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு வெற்றிடக் குழாய், உள்ளே சூடான இழை, சில ஆயிரம் வோல்ட். குறைந்த விலையில் சாப்பாட்டைச் சூடாக்கும் அளவு நுண்ணலையைத் தருவதில் பெரும்பாலான அடுப்புகளில் இன்னும் அதுதான் இருக்கிறது. பார்க்க ஆசை வந்தாலும் அடுப்பைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கலாம்.