முனை வெளியே இருந்தால்?

கல்பாக்கத்துக் குளம் ஒன்றில், ஆண்டு முழுவதும் நீரின் வெப்பநிலை 25°C முதல் 35°C வரை இருப்பதாகக் கொள்வோம். அந்த நன்னீரின் அடர்த்தியை ஏறத்தாழ இப்படி எழுதலாம்:

d = 1000 − 0.0065(t − 4)²

இங்கே d என்பது ஒரு கன மீட்டர் நீரின் நிறை, கிலோகிராமில். அதன் பெரும, சிறும மதிப்புகள் யாவை?

"பெரும மதிப்பு 1000" என்று பல மாணவர்கள் உடனே எழுதிவிடுவார்கள். அது தவறு. பரவளையத்தின் முனை t = 4-இல் உள்ளது. நம் குளத்து நீரோ 4°C-க்குக் குளிர்வதே இல்லை. முனை இடைவெளிக்கு வெளியே கிடக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? 25-லிருந்து 35-ஐ நோக்கிச் செல்லச் செல்ல நாம் 4-ஐ விட்டு விலகிக்கொண்டே போகிறோம். (t − 4)² கூடுகிறது, d குறைகிறது. நடுவில் எங்கும் திரும்புவதில்லை. ஆகவே இரு முனைப்புள்ளிகளைக் கணக்கிட்டாலே போதும்.

t = 25: d = 1000 − 0.0065 × 441 ≈ 997.1 (பெருமம்)
t = 35: d = 1000 − 0.0065 × 961 ≈ 993.8 (சிறுமம்)

வெயிலில் சூடான நீர் இலேசாகி மேலேயே நிற்பது இதனால்தான்.

இடைவெளி 0°C முதல் 10°C வரை என்றால், முனை உள்ளே வந்துவிடும். அப்போது பெருமம் 1000-தான். எனவே முதலில் முனை எங்கே என்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: அருகிலுள்ள கடல்நீருக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. உப்பு மிகுந்த அந்நீர் உறையும்வரை அடர்ந்துகொண்டே போகும்.