மூன்று நடுப்புள்ளிகளும் ஒரு கனசதுரமும்

6 செ.மீ. விளிம்புள்ள ஒரு கனசதுரம். அதன் மூன்று விளிம்புகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு தளம் அதனை வெட்டுகிறது. வெட்டிய இடத்தில் தெரியும் உருவம் என்ன? அதன் பரப்பளவு எவ்வளவு?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் உடனே தரும் விடை "முக்கோணம்" என்பதே. மூன்று புள்ளிகள் இருக்கின்றன, அவற்றை இணைத்தால் முக்கோணம்தானே! ஆனால் மூன்று புள்ளிகள் தளம் எது என்பதை மட்டுமே தீர்மானிக்கின்றன. அந்தத் தளம் புள்ளிகளோடு நின்றுவிடாமல் கனசதுரத்தின் மறுபுறம் வரை போகிறது. தளமும் கனசதுரமும் பொதுவாகக் கொண்டுள்ள முழுப் பகுதியே வெட்டுமுகம். மலாய்ப் பாடநூலில் நாம் படித்த 'கெராத்தான் ரெந்தாஸ்' இதுதான்.

இக்கட்டுரையில் மூன்று எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். கனசதுரத்தை ஒரு மேசையின் மீது வைத்து, அடிமுனை ஒன்றை (0, 0, 0) என்று கொள்வோம். முதல் இரண்டு எண்களும் (x, y) தரையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதையும், மூன்றாம் எண் (z) உயரத்தையும் குறிக்கும். எதிர்முனை (6, 6, 6) ஆகும். நடுப்புள்ளி ஒவ்வொன்றிலும் ஓர் எண் 3 ஆகவும், மற்ற இரண்டும் 0 அல்லது 6 ஆகவும் இருக்கும்.

முதல் வெட்டு: உண்மையான முக்கோணம்

(3, 0, 0), (0, 3, 0), (0, 0, 3) ஆகிய மூன்றும் ஒரே முனையில் கூடும் விளிம்புகளின் நடுப்புள்ளிகள். இங்கே வெட்டுமுகம் முக்கோணமே. ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் 3√2 செ.மீ. ஆகையால் இது சமபக்க முக்கோணம். பரப்பளவு 9√3/2, அதாவது ஏறக்குறைய 7.79 சதுர செ.மீ.

இது முக்கோணம்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? வெட்டுமுகத்தின் ஓரக்கோடு ஒவ்வொன்றும் கனசதுரத்தின் ஏதேனும் ஒரு முகத்தின் மீது கிடக்க வேண்டும். கத்தி வெளித்தோலில் விட்டுச் செல்லும் கீறல்தானே ஓரக்கோடு! மேற்கண்ட புள்ளிகளில் எந்த இரண்டை எடுத்தாலும் அவை ஒரே முகத்தில் இருக்கின்றன. முதலிரண்டும் அடிமுகத்தில் உள்ளன. மற்ற இணைகளுக்கும் இவ்வாறே ஒரு பொது முகம் உண்டு. எனவே முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் மெய்யான ஓரங்கள். இந்தச் சோதனையை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் வெட்டு: பாதி விடை

இப்போது (6, 3, 0), (0, 6, 3), (3, 0, 6) ஆகியவற்றை எடுப்போம். இவற்றை இணைத்தாலும் சமபக்க முக்கோணமே கிடைக்கிறது. பக்கம் 3√6, பரப்பளவு 13.5√3, ஏறக்குறைய 23.38. அழகான விடை, ஆனால் தவறானது.

நமது சோதனையைச் செய்து பார்ப்போம். (6, 3, 0) இருப்பது x = 6 என்ற முகத்திலும் அடிமுகத்திலும். (0, 6, 3) இருப்பது x = 0, y = 6 என்ற முகங்களில். இரண்டுக்கும் பொதுவான முகம் இல்லை. ஆகவே அவற்றை இணைக்கும் கோடு கனசதுரத்தின் உட்புறமாகச் செல்கிறது. அது ஓரமாக இருக்க முடியாது.

சரியான உருவத்தைக் காணத் தளத்தின் சமன்பாட்டைப் பார்ப்போம். மூன்று புள்ளிகளிலும் எண்களின் கூட்டுத்தொகை 9. எனவே தளம் x + y + z = 9. கூட்டுத்தொகை 9 வரும் மற்ற நடுப்புள்ளிகள் எவை? (3, 6, 0), (0, 3, 6), (6, 0, 3). ஆக, ஆறு நடுப்புள்ளிகள் வழியாகத் தளம் செல்கிறது. வெட்டுமுகம் 3√2 பக்கமுள்ள ஓர் ஒழுங்கு அறுகோணம். அதன் பரப்பளவு 27√3, ஏறக்குறைய 46.77. முக்கோணம் என்று எண்ணியவர் சரியாகப் பாதி விடையையே பெற்றிருப்பார்.

இதனைக் கண்ணாலும் காணலாம். ஒளிபுகும் கனசதுரப் பெட்டியில் சரிபாதி நீர் ஊற்றி மூடி, ஒரு முனை நேர் கீழாகவும் அதன் எதிர்முனை நேர் மேலாகவும் இருக்குமாறு பிடித்தால், நீரின் மேற்பரப்பு இந்த அறுகோணமாகத் தெரியும்.

மூன்றாம் வெட்டு: எதிர்பாராத ஐங்கோணம்

P = (6, 3, 6), Q = (3, 6, 6), R = (0, 0, 3). முதலிரண்டும் மேல்முகத்தில் உள்ளன. எனவே PQ ஒரு மெய்யான ஓரம். R-க்கும் அவற்றுக்கும் பொது முகம் இல்லை. ஆகவே இன்னும் முனைகள் இருக்க வேண்டும்.

தளத்தின் சமன்பாடு 3z = x + y + 9. மூன்று புள்ளிகளையும் இட்டுச் சரிபார்க்கலாம். இனி நான்கு செங்குத்து விளிம்புகளையும் தளம் எந்த உயரத்தில் சந்திக்கிறது என்று பார்ப்போம். (0, 0) விளிம்பில் உயரம் 3, அதுவே R. (6, 0) விளிம்பில் 5. (0, 6) விளிம்பிலும் 5. (6, 6) விளிம்பில் 7. ஆனால் கனசதுரத்தின் உயரமே 6! அந்த மூலையில் தளம் மேல்முகத்தைத் தாண்டி வெளியேறிவிடுகிறது; வெளியேறும் கோடுதான் PQ. ஆக முனைகள் ஐந்து: (6, 3, 6), (3, 6, 6), (0, 6, 5), (0, 0, 3), (6, 0, 5). இரு முனைகள் நடுப்புள்ளிகள் அல்ல என்பதைக் கவனிக்கவும். நடுப்புள்ளிகளை மட்டும் தேடினால் இவை தப்பிவிடும்.

பரப்பளவுக்கு நிழல் வழி எளிது. வெட்டுமுகத்திற்கு நேர் மேலிருந்து ஒளி பாய்ச்சினால் தரையில் விழும் நிழல், 36 சதுர செ.மீ. சதுரத்தில் ஒரு மூலை குறைந்த உருவம். குறைந்த மூலை 3, 3 பக்கங்களுள்ள செங்கோண முக்கோணம், பரப்பளவு 4.5. நிழல் 31.5. தளம் சாய்ந்திருப்பதால் உண்மைப் பரப்பு நிழலைவிடப் பெரியது. x வழியில் 1 செ.மீ. போனால் தளம் 1/3 செ.மீ. ஏறுகிறது, y வழியிலும் அப்படியே. எனவே பெருக்க வேண்டிய எண் √(1 + 1/9 + 1/9) = √11/3. பரப்பளவு 10.5√11, ஏறக்குறைய 34.82 சதுர செ.மீ.

இதே வழியை அறுகோணத்திலும் சோதிக்கலாம். அங்கே இரண்டு மூலைகள் குறைகின்றன. நிழல் 27, சாய்வு எண் √3. முன்பு கண்ட 27√3 மீண்டும் வருகிறது.

இந்த ஐங்கோணம் ஒழுங்கானதன்று. எந்தக் கனசதுரத்திலும் ஒழுங்கு ஐங்கோணம் வெட்ட முடியாது. ஐந்து ஓரங்கள் ஐந்து முகங்களில் கிடக்க வேண்டும். ஐந்து முகங்களை எடுத்தால் அவற்றில் எதிரெதிர் முகங்கள் இரண்டு இணை வந்தே தீரும். எதிர்முகங்களில் விழும் ஓரங்கள் ஒன்றுக்கொன்று இணைகோடுகள். ஒழுங்கு ஐங்கோணத்திலோ இணையான பக்கங்களே இல்லை.

முழுக் கணக்கு

12 நடுப்புள்ளிகளில் மூன்றை 220 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றின் முடிவுகள் இவை:

- முக்கோணம்: 8
- சதுரம்: 12
- செவ்வகம்: 72
- ஐங்கோணம்: 24
- அறுகோணம்: 80
- தளம் ஒரு முகத்தோடு ஒன்றிவிடுவது: 24

முக்கோணம் 220-இல் 8 முறை மட்டுமே வருகிறது. முனைக்கு ஒன்றாக எட்டு. முதல் வெட்டில் கண்ட வகை அதுவே.

வாசகர்களுக்கு ஒரு பயிற்சி: (6, 0, 3), (6, 6, 3), (0, 3, 6) வழியாக வெட்டினால் என்ன உருவம்? முதலில் பொது முகச் சோதனை, பிறகு நான்கு செங்குத்து விளிம்புகளின் உயரம், இறுதியில் நிழல். 18√5, ஏறக்குறைய 40.25 சதுர செ.மீ. பரப்புள்ள செவ்வகம் கிடைத்தால் உங்கள் விடை சரி.