ஏடிஎம்மில் பணம் வராதவருக்கு ஒரு பதில்

அன்பு மகளுக்கு,

வங்கியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறாய் என்றும், கொடுத்து வைத்திருக்கும் தயார் வாக்கியங்களை ஒட்டி அனுப்பும்போது உனக்கே கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். நான் அதே வேலையில் இருந்த காலத்தில் அவை அச்சடித்த தாள்களாக இருந்தன. பெயர், தேதி, தொகை மூன்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் கடிதம் தயார். தாள் போய்த் திரை வந்துவிட்டது, வாக்கியங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். நான் பார்த்த பல கடிதங்களைக் கலந்து நானே எழுதியது இது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் 10ஆம் தேதி காலை அனுப்பியதாக வைத்துக்கொள்:

“3ஆம் தேதி பேருந்து நிலைய ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனேன். சத்தம் மட்டும் வந்தது, பணம் வரவில்லை. ஆனால் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. அன்றே கிளைக்குப் போனேன். ‘நல்லா யோசிச்சுப் பாருங்க சார், எடுத்து எங்கயாவது வெச்சிருப்பீங்க’ என்றார்கள். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார்கள், பொறுத்துவிட்டேன். என் மனைவியின் மருந்துக்கு வைத்திருந்த பணம். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான்.”

இதற்கு உன் திரையில் இருக்கும் பதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். “உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு மிகவும் வருந்துகிறோம். உங்கள் உணர்வுகளை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். உங்கள் புகார் உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது. விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும். உங்கள் பொறுமைக்கு நன்றி.” இதில் பொய் என்று ஒன்றும் இல்லை. ஆனால் காசோலைப் புத்தகம் வரவில்லை என்று எழுதியவருக்கும் இதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அனுப்பலாம். அந்தச் சோதனையை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வைத்துப் பார். வேறொருவருக்குப் போனாலும் பொருந்துகிற வருத்தத்தை இவருக்கான வருத்தமாக இவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி, அவர் கடிதத்தின் கடைசி வரிக்கு வா. புகாருக்கும் அவர் கணக்கு வாத்தியாராக இருந்ததற்கும் என்ன சம்பந்தம்? உன் திரையில் இந்தப் புகாரின் வகை ‘ஏடிஎம் – பணம் வரவில்லை’ என்றுதான் பதிவாகியிருக்கும். ஆனால் அவரை எழுத வைத்தது பத்தாயிரம் ரூபாய் மட்டும் இல்லை. எண்ணத் தெரியாதவன், மறதிக்காரன், ஒருவேளை பொய்யன் என்று தன்னை நினைத்துவிட்டார்களே என்பதுதான் அவரைக் குடைகிறது. இப்படிப் புகாருக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஒரு வரி அநேகமாக எல்லாக் கடிதத்திலும் இருக்கும். முதலில் அதைத் தேடு. நீ பதில் சொல்ல வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

பதில் எழுத உட்காருவதற்கு முன் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எழுதும் எந்த அனுதாபமும் வெற்று அனுதாபம்தான். பணம் உண்மையில் கழிந்திருக்கிறதா, ஏற்கெனவே திரும்பிவிட்டதை அவர் கவனிக்காமல் இருக்கிறாரா, இயந்திரம் நம்முடையதா வேறு வங்கியுடையதா, உரிமைகோரல் யாராவது அனுப்பியிருக்கிறார்களா என்று பார். இவர் விஷயத்தில் பணம் கழிந்திருக்கிறது, திரும்பவில்லை. இயந்திரம் வேறு வங்கியுடையது. கிளையில் பொறுக்கச் சொன்னார்களே தவிர யாரும் எதையும் பதியவில்லை.

இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் கேட்ட தொகைக்கு நம் வங்கி ஒப்புதல் கொடுத்து, கணக்கில் கழித்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் இயந்திரம் நோட்டை எண்ணி வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நோட்டு சிக்கினாலோ தொடர்பு அறுந்தாலோ, கழித்ததை ரத்து செய்யும் செய்தி தானாகத் திரும்பி வர வேண்டும். சில சமயம் அது வருவதில்லை. அப்போது இயந்திரத்தின் மின்னணுப் பதிவையும் பெட்டியில் மிச்சமிருக்கும் ரொக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டும். இது தெரிந்தவர் யாரும் அந்த ஆசிரியரிடம் ‘யோசிச்சுப் பாருங்க’ என்று சொல்லியிருக்க மாட்டார். கிளையில் இருந்தவர் கெட்டவர் இல்லை, அவருக்கு இயந்திரம் தெரியவில்லை. அவ்வளவுதான்.

விதியும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, இப்படித் தோற்றுப்போன ஏடிஎம் பரிவர்த்தனையின் பணம், நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்டு வாங்க வேண்டியதில்லை, வங்கி தானாகவே கொடுக்க வேண்டும். 3ஆம் தேதி எடுத்தவருக்கு 8ஆம் தேதியோடு கெடு முடிந்துவிட்டது. ‘ஒரு வாரம் பொறுங்கள்’ என்றதே தவறு. ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ அவருக்கு ஏன் எரிச்சலூட்டும் என்று இப்போது புரியும். அவர் பொறுமையை யாருக்கும் தானமாகக் கொடுக்கவில்லை, நாம் கேட்டு வாங்கிவிட்டோம்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“ஐயா, வணக்கம். உங்கள் கணக்கைப் பார்த்தேன். 3ஆம் தேதி காலை 10.42க்கு 10,000 ரூபாய் கழிந்திருக்கிறது, இன்றுவரை திரும்பவில்லை. பணம் வெளியே வராமல் கணக்கில் மட்டும் கழிவது இயந்திரத்தில் நடக்கக்கூடிய கோளாறுதான். கிளையில் உங்கள் நினைவைச் சந்தேகித்துப் பேசியிருக்கக் கூடாது. அன்றே உங்கள் புகாரைப் பதிந்திருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இயந்திரம் வேறு வங்கியுடையது. அவர்களுக்கு உரிமைகோரலை இன்று காலை நான் அனுப்பிவிட்டேன். இயந்திரத்தின் பதிவையும் ரொக்கத்தையும் ஒப்பிட்டு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். பணம் வரவில்லை என்று உறுதியானதும் 10,000 ரூபாயும், 8ஆம் தேதிக்குப் பிந்தைய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாயும் உங்கள் கணக்கில் சேரும். இன்றுவரை அது 200 ரூபாய். இதற்காக நீங்கள் தனியாக எழுதவோ கிளைக்கு வரவோ வேண்டாம்.

13ஆம் தேதி மாலை நான்கு மணிக்குள், அவர்களிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும், நானே உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன்.”

கீழே உன் பெயரும் நேரடி எண்ணும் இருக்க வேண்டும். ‘வாடிக்கையாளர் சேவைக் குழு’ என்று கையெழுத்திட்டால், அழைப்பதாகச் சொன்ன ‘நான்’ யார் என்று அவருக்குத் தெரியாது.

இதில் உணர்ச்சியைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை என்பதைக் கவனித்தாயா? ‘புரிந்துகொள்கிறேன்’ என்று சொல்லவில்லை. அவரைச் சந்தேகித்தது தவறு என்று சொல்லியிருக்கிறேன், அதிலேயே புரிந்தது தெரிந்துவிடும். மன்னிப்பும் நம் தவறு என்று உறுதியாகத் தெரிந்த இரண்டுக்கு மட்டும்தான். இயந்திரம் பணம் தரவில்லை என்பது இன்னும் நிரூபணமாகாதது, அதற்கு முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு மாற்றிப் பேச வேண்டி வரலாம்.

மனைவியின் மருந்தை நான் தொடவில்லை. ‘அவர் விரைவில் குணமடைய வாழ்த்துகள்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும், எழுதாதே. முன்பின் தெரியாத வங்கிக்காரி வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும், தவிர அது பணத்தை ஒரு மணி நேரம்கூட முன்னால் கொண்டுவராது. அந்த வரியை வைத்து நீ செய்யக்கூடியது வேறு. மேலதிகாரியிடம் போய், முடிவு தெரியும்வரை தற்காலிகமாக அந்தத் தொகையை வரவு வைக்க நம் வங்கியில் வழி இருக்கிறதா என்று கேள். இருந்தால் அதைப் பதிலின் முதல் வரியாக வை. இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

மதிப்பெண் தாளில் ‘அனுதாப வாக்கியம் உண்டா’ என்று ஒரு கட்டம் இருப்பதாகவும், தயார் வாக்கியத்தை விட்டால் மார்க் போய்விடும் என்றும் சொல்லியிருந்தாய். சண்டை போடாதே. அந்தக் கட்டம் கேட்பது ஒரு வருத்த வாக்கியம்; இந்த வாக்கியம்தான் வேண்டும் என்று பெரும்பாலும் அது கேட்பதில்லை. ‘புகாரை அன்றே பதியாததற்கு மன்னிக்கவும்’ என்பதும் அந்தக் கட்டத்தை நிரப்பும். நேரம் போதாது என்பது இன்னும் நியாயமான கவலை. அதற்கு ஒரு வழி: விதி, கெடு, இழப்பீடு பற்றிய பத்தியைத் தயார் வாக்கியமாகவே வைத்துக்கொள். அது எல்லோருக்கும் ஒன்றுதான், ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதினால் பிழைதான் வரும். முதல் பத்தியையும் அழைக்கும் தேதியையும் மட்டும் கையால் எழுது. தயார் வாக்கியத்தில் இருக்கக் கூடாதது வருத்தம் மட்டும்தான்.

13ஆம் தேதி வரும்போது அந்த வங்கியிலிருந்து பதில் வந்திருக்காது, பல தடவை அப்படித்தான். அப்போதும் அழைக்க வேண்டும். “இன்னும் பதில் வரவில்லை ஐயா, இன்று மறுபடி நினைவூட்டினேன், 16ஆம் தேதி மறுபடி கூப்பிடுகிறேன்” என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். அவர் கோபப்படலாம், அதைக் கேட்டுக்கொள். நடுவில் புகுந்து விதியை விளக்காதே. சொல்ல ஒன்றும் இல்லாததால் அழைக்காமல் விட்டால், முதல் கடிதம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

கடினமான பதில் இன்னொன்று இருக்கிறது. இயந்திரத்தின் பதிவில் பணம் வெளியே போனதாகவே இருந்து, பெட்டியில் உபரி ரொக்கமும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டியிருக்கும். அங்கேதான் ‘உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது’ என்ற வாக்கியம் காத்திருக்கும். அதற்குப் பதில், எந்தப் பதிவைப் பார்த்தோம், அதில் என்ன இருக்கிறது, ரொக்கக் கணக்கு என்ன சொல்கிறது என்று அப்படியே எழுது. பதிவின் நகலை இணைக்க அனுமதி இருந்தால் இணை. ‘நீங்கள் எடுத்துவிட்டீர்கள்’ என்று எழுதாதே, இயந்திரம் நோட்டைத் தள்ளியது வரைதான் பதிவு சொல்லும், யார் கை எடுத்தது என்று அது சொல்லாது. கண்காணிப்புக் கேமராப் பதிவைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டால் உடனே அந்த வங்கிக்கு எழுது, அவை நெடுநாள் வைத்திருக்கப்படுவதில்லை.

கடைசியாக, நம் பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, புகார் கொடுத்து முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் முறையிடலாம் என்பதை அதே கடிதத்தில், அடிக்குறிப்பாக இல்லாமல் பத்தியாகவே எழுது. நம்மைப் பற்றியே மேலே போய் முறையிட வழி சொல்லித் தருகிறோமே என்று உன் பிரிவில் யாராவது முகம் சுளிக்கலாம். அந்த வாத்தியார் எப்படியும் அதைக் கண்டுபிடித்துவிடுவார். உன்னிடமிருந்தே தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
சித்தி