'நான்' போய் 'அவன்' வந்தால்...

மலருக்குக் கதை எழுதும்போது பலரும் 'நான்' என்றுதான் தொடங்குகிறோம். பிறகு "இது உன் சொந்தக் கதையாடா?" என்று நாலு பேர் கேட்டதும், 'நான்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு 'அவன்' என்று போட்டால் போதும் என்று நினைக்கிறோம். போதாது. ஏன் என்று ஒரு சின்னப் பகுதியை வைத்தே பார்த்துவிடுவோம். இடம் நமக்குத் தெரிந்ததுதான், ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரி. டிரம்மில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல் குமார் என்பவன் ஒரே தடவையில் ஊற்றிவிட்டான். கதை சொல்பவன் செல்வம். இருவருமே கற்பனைதான்.

"காலை ஏழு மணிக்கே டேனரிக்குள் நுழைந்தேன். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. குமார் என்னிடம் வந்தான். 'பாய் கேட்டா ஆசிட்ட நீ ஊத்தினதா சொல்லிடுடா' என்றான். எனக்குப் பயமாக இருந்தது. 'நான் பொய் சொல்ல மாட்டேன்' என்றேன். மேஸ்திரி பாய் வந்துவிட்டார். ஆசிட் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று தோலின் ஓரத்தை வெட்டிப் பார்த்தார். அந்தத் துண்டை என்னிடம் தந்தார். அவருக்கு என்மேல்தான் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாளைக்கு ரெண்டு பேரும் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தேன்."

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். அதில் 'நான்' என்ற சொல்லே கிடையாது! 'நுழைந்தேன்' என்பதன் வாலில் ஒளிந்திருக்கிறது. ஆகவே 'நான்' எங்கே என்று தேடாதீர்கள், வினைச்சொற்களைத் தேடுங்கள். நுழை + ந்த் + ஏன். நடுவில் நிற்கும் 'ந்த்' காலத்தைக் காட்டுகிறது, கடைசி 'ஏன்' ஆளைக் காட்டுகிறது. வாலை மட்டும் மாற்றினால் 'நுழைந்தான்'. நடுப்பகுதியைத் தொடாதவரை காலம் தவறாது. பாதிக் கதையில் 'நுழைகிறான்' என்று வந்துவிட்டால், நீங்கள் நடுவில் கை வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 'பயமாக இருந்தது' போன்ற வினைக்கு வாலே மாறாது. 'எனக்கு' என்பது மட்டும் 'செல்வத்துக்கு' ஆகும்.

அடுத்தது பேச்சு. மேற்கோள் குறிக்குள் இருப்பதைத் தொடவே கூடாது. 'நான் பொய் சொல்ல மாட்டேன்' என்பதில் உள்ள 'நான்' செல்வத்தின் வாயில் இருக்கிறது, கதாசிரியர் வாயில் இல்லை. குறியை எடுத்துவிட்டு எழுதினால் என்ன ஆகும்? "பாய் கேட்டால் ஆசிட்டை அவன் ஊற்றியதாகச் சொல்லச் சொன்னான்." யார் ஊற்றியதாக? குமாரா, செல்வமா? ஒரு 'அவன்' போட்டதில் பழி யார் தலையில் விழுகிறது என்பதே தெரியாமல் போய்விட்டது. ஒரே வயதுள்ள இருவர் வரும் இடத்தில் பெயரைச் சொல்லிவிடுவதுதான் வழி. மேஸ்திரியிடம் இந்தத் தொல்லை இல்லை. அவருக்கு 'அவர்', பையனுக்கு 'அவன்'. நம் மொழியின் மரியாதையே இங்கே குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

'தந்தார்' என்பதையும் கவனியுங்கள். தருவதும் வருவதும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, கொடுப்பதும் செல்வதும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியமே பிரித்துச் சொல்கிறது. இன்று அவ்வளவு கண்டிப்பு இல்லை. கதையைச் செல்வத்தின் பக்கம் நின்று சொல்வதால் 'குமார் வந்தான்' என்பது இருக்கலாம். துண்டை மட்டும் 'கொடுத்தார்' என்று மாற்றினால் காதுக்கு இயல்பாக இருக்கும்.

எல்லோரும் சறுக்கும் இடம் கடைசியில் இருக்கிறது. 'சந்தேகம் வந்திருக்க வேண்டும்' என்பது செல்வத்தின் ஊகம். மூன்றாம் ஆளாக எழுதுகிறோமே என்று 'சந்தேகம் வந்தது' என்று எழுதினால், மேஸ்திரி மனதில் நடந்ததை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். கதையில் இல்லாத ஒரு சம்பவம் சேர்ந்துவிட்டது! அதேபோல 'மாட்டிக்கொள்வோம்' என்பதை 'மாட்டிக்கொள்வார்கள்' என்றால், செல்வம் வேறு யாரோ இருவரை நினைப்பதுபோல் ஆகிவிடும். நினைப்பும் பேச்சு மாதிரிதான். 'என்று'க்கு முன்னால் உள்ளதை அப்படியே விட்டுவிடலாம், 'நாளைக்கு' உட்பட.

இப்போது மாற்றிய வடிவம்:

"காலை ஏழு மணிக்கே செல்வம் டேனரிக்குள் நுழைந்தான். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. குமார் அவனிடம் வந்தான். 'பாய் கேட்டா ஆசிட்ட நீ ஊத்தினதா சொல்லிடுடா' என்றான். செல்வத்துக்குப் பயமாக இருந்தது. 'நான் பொய் சொல்ல மாட்டேன்' என்றான். மேஸ்திரி பாய் வந்துவிட்டார். ஆசிட் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று தோலின் ஓரத்தை வெட்டிப் பார்த்தார். அந்தத் துண்டைச் செல்வத்திடம் கொடுத்தார். அவருக்கு அவன்மேல்தான் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாளைக்கு ரெண்டு பேரும் மாட்டிக்கொள்வோம் என்று செல்வம் நினைத்தான்."

சரிபார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதை தெரியாத நண்பனிடம் புதிய தாளை மட்டும் கொடுங்கள். ஊற்றியது யார், பொய் சொல்லச் சொன்னது யார், துண்டு யார் கையில் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பழைய தாளில் உள்ள பதிலே அவன் வாயிலும் வந்தால் கதை மாறவில்லை, சொல்லும் ஆள்தான் மாறியிருக்கிறார்.