தைராய்டு மிகை: சுரப்பா, கசிவா?

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் டி.எஸ்.எச். மிகக் குறைந்தும், எஃப்.டி.3 உயர்ந்தும் இருந்தால், உடலில் தைராய்டு ஹார்மோன் மிகுந்துள்ளது எனப் பொருள். டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரியின் கட்டளை. ஹார்மோன் மிகும்போது பிட்யூட்டரி அக்கட்டளையை நிறுத்திவிடுகிறது. ஆனால் ஹார்மோன் ஏன் மிகுந்தது என்பதை இவ்விரு எண்களும் உறுதியாகக் கூறுவதில்லை.

எடுத்துக்காட்டாக, குழந்தை பெற்று நான்கு மாதமான ஒரு தாயைக் கொள்வோம். அவருக்குப் படபடப்பு, கைநடுக்கம், எடைக்குறைவு உள்ளன. டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே, எஃப்.டி.3 அளவோ 7.2. எங்கள் எடுத்துக்காட்டில் இதன் இயல்பு வரம்பு 2.0 முதல் 4.4 வரை.

இவருக்கு இரு காரணங்களை முதலில் எண்ணுகிறோம். ஒன்று, கிரேவ்ஸ் நோய். இதில் உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், தைராய்டு செல்களில் டி.எஸ்.எச். வந்து பொருந்தும் ஏற்பியில் தாம் பொருந்தி, சுரப்பியை ஓயாமல் தூண்டுகின்றன. மற்றொன்று, பேறுகாலத்திற்குப் பிந்தைய தைராய்டு அழற்சி. இதில் சுரப்பு மிகுவதில்லை. புண்பட்ட சுரப்பியில் சேமித்திருந்த ஹார்மோன் இரத்தத்தில் கசிகிறது.

கதிரியக்க ஸ்கேன் இவற்றைப் பிரித்துக் காட்டும். ஆயினும் தாய்ப்பால் ஊட்டுவோருக்கு அதனைத் தவிர்க்கவே விரும்புகிறோம். எனவே டி.எஸ்.எச். ரிசெப்டார் ஆன்டிபாடி என்னும் இரத்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறோம். டி.பி.ஓ. ஆன்டிபாடி இதற்கு ஈடாகாது. அது இரு நோய்களிலும் காணப்படும்.

ஆய்வகத்தின் எல்லை 1.75 ஆக இருக்க, இத்தாய்க்கு 0.8 வந்தது எனக் கொள்வோம். அப்போது அழற்சியே பெரிதும் பொருந்தும். சுரப்பைத் தடுக்கும் கார்பிமசோல் கசிவை நிறுத்தாது. எனவே அதனைத் தருவதில்லை. படபடப்புக்கு மட்டும் ப்ரொப்ரனலோல் போன்ற மருந்தளித்து, நான்கு முதல் ஆறு வாரத்தில் மீண்டும் சோதிக்கிறோம். கசிவு ஓய்ந்தபின் சிலருக்கு ஹார்மோன் குறைபாடு தோன்றும். அதனால் தொடர் பரிசோதனை தேவை.

மாறாக 6 என வந்திருந்தால் அது கிரேவ்ஸ் நோயைச் சுட்டும். அப்போது கார்பிமசோல் பயன்தரும். அதனை உட்கொள்ளும்போது காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால், மருந்தை நிறுத்தி அன்றே இரத்த வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும்.

இச்சோதனைக்கும் வரம்புகள் உண்டு. லேசான கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் புலப்படாமற் போகலாம். ஆகவே ஹார்மோன் குறையாமல் நீடித்தால் சோதனையைத் திரும்பச் செய்கிறோம். தைராய்டுக் கட்டிகள் தாமே சுரக்கும் நிலையிலும் முடிவு பொதுவாக எதிர்மறையாகவே வரும். மேலும், முடி உதிர்வுக்காகப் பலர் உண்ணும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்தும், எஃப்.டி.3-ஐயும் எதிர்ப்பொருளையும் கூட்டியும் காட்டி, இல்லாத கிரேவ்ஸ் நோயை இருப்பதாகத் தோற்றுவிக்கும். அம்மாத்திரை உண்பவர்கள் இரத்தம் கொடுக்குமுன் அதனை எங்களிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.