உறுதி வைப்பின் மூலமான ஒப்புரவு ஈடு

கடனுக்குப் பிணையாகக் காணி, வீடு போன்ற அசையா ஆதனங்களை வைப்பது ஈடு எனப்படும். ஈட்டு உறுதி எழுதாமல், கடன் பெறுபவர் தமது மூல உரித்து உறுதிகளைக் கடன் கொடுப்பவரிடம் பிணையாக ஒப்படைப்பதன் மூலம் ஏற்படும் ஈடே ஒப்புரவு ஈடு ஆகும்.

இந்தியாவில் 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(எப்) பிரிவு இதனை ஏற்கின்றது. இதற்கு மூன்று விடயங்கள் அவசியமாகும்.

1. கடன் ஒன்று இருத்தல்.
2. உறுதிகள் ஒப்படைக்கப்படல்.
3. அவை பிணையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருத்தல்.

பாதுகாப்பாக வைத்திருக்கும்படி கொடுத்த உறுதியினால் ஈடு ஏற்படாது. மேலும், சென்னை, மும்பை, கொல்கத்தா அல்லது அரசு அறிவித்த வேறு நகரொன்றில் ஒப்படைத்தல் வேண்டும். ஆனால் ஆதனம் வேறிடத்தில் இருக்கலாம்.

கடன் கொடுப்பவருக்குள்ள இடர்

பின்வரும் உதாரணத்தை நோக்குக. சென்னை வணிகர் ஒருவர் தமது வீட்டு உறுதிகளை 'அ' வங்கியில் வைத்து ரூபா 10 இலட்சம் கடன் பெறுகிறார். பின்னர் வரி அலுவலகத்தில் காட்ட வேண்டும் எனக் கூறி உறுதிகளைத் திரும்பப் பெறுகிறார். 'அ' வங்கி விசாரிக்காமலே கொடுத்துவிடுகிறது. அவர் அவற்றை 'ஆ' வங்கியில் வைத்து ரூபா 15 இலட்சம் பெறுகிறார். முதற் கடன் பற்றி 'ஆ' வங்கி அறியாது. இரு கடன்களும் செலுத்தப்படாமையால் வீடு ரூபா 18 இலட்சத்திற்கு விற்கப்படுகிறது.

பொதுவாக முந்திய ஈட்டுக்கே முன்னுரிமை உண்டு. அதன்படி 'அ' வங்கிக்கு 10 இலட்சமும் 'ஆ' வங்கிக்கு 8 இலட்சமும் கிடைத்திருக்கும். ஆனால் முதலாமவரின் பாரதூரமான கவனயீனத்தால் இரண்டாமவர் ஏமாற்றப்பட்டிருந்தால், 78 ஆம் பிரிவின்படி முதலாமவர் பின்தள்ளப்படுவார். நீதிமன்றம் அவ்வாறு தீர்மானித்தால் 'ஆ' வங்கி 15 இலட்சத்தையும் பெறும். 'அ' வங்கிக்கு 3 இலட்சமே எஞ்சும். மீதி 7 இலட்சம் பிணையற்ற கடனாகிவிடும்.

பதிவு செய்யப்படாத ஒப்புரவு ஈடு, பதிவு அலுவலகம் வழங்கும் வில்லங்கச் சான்றிதழில் தோன்றாது. இக்குறையை நீக்கவே இந்தியாவில் 2011 இல் வங்கி ஈடுகளுக்கான மத்திய பதிவேடு தொடங்கப்பட்டது. மூல உறுதி தொலைந்துவிட்டதாகக் கூறிப் பிரதியைக் கொண்டுவருபவரிடம் கூடிய அவதானம் தேவை.

கடன் பெறுபவருக்குள்ள இடர்

கடன் தீர்ந்த பின்னரும் உறுதிகள் தாமதமாகக் கிடைக்கலாம் அல்லது தொலைந்து போகலாம். எனவே ஒப்படைத்த ஒவ்வோர் உறுதியின் இலக்கத்தையும் கடன் தொகையையும் குறித்த பட்டியலில் ஒப்பம் பெற வேண்டும். இன்றேல், வேறொரு கடனுக்கும் அதே உறுதிகளே பிணை எனக் கடன் கொடுத்தவர் வாதிடக்கூடும். கடன் முழுமையாகத் தீர்ந்து 30 நாட்களுக்குள் வங்கிகள் உறுதிகளை மீள வழங்க வேண்டும் எனவும், தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூபா 5,000 நட்டஈடு செலுத்த வேண்டும் எனவும் இந்திய ரிசர்வ் வங்கி 2023 இல் பணித்தது.

இலங்கையில் நிலைமை

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி ஈடானது நொத்தாரிசு ஒருவரினதும் இரு சாட்சிகளினதும் முன்னிலையில் எழுத்தில் செய்யப்படல் வேண்டும். ஆகவே இங்கு உறுதியைக் கையில் கொடுப்பதால் மாத்திரம் ஈடு ஏற்படாது. அவ்வாறு கடன் கொடுத்தவரிடம் இருப்பது உறுதிப் பத்திரம் மட்டுமே. காணியின் மீது அவருக்கு ஈட்டுரிமை இல்லை.

பயிற்சி வினா

மேலுள்ள உதாரணத்தில் வீடு ரூபா 22 இலட்சத்திற்கு விற்கப்பட்டு, 'அ' வங்கி பின்தள்ளப்பட்டால் அதற்குக் கிடைப்பது எவ்வளவு?

விடை: 22 − 15 = ரூபா 7 இலட்சம்.